நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை நின்ற லைன்

ஷிஃப்ட் பொறியாளர்

கோவைக்கு அருகில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். பிஎல்சிகள், ரிமோட் ஐ/ஓ பேனல்கள், அலுவலகக் கணினிகள், பிரிண்டர்கள் எல்லாமே எங்களிடம் ஒரே நெட்வொர்க்கில் கிடந்தன. ஒருநாள் அலுவலகத்தில் யாரோ ஒரு பேட்ச் கார்டின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகிவிட, ஷாப் ஃப்ளோரில் லைனும் நின்றுபோனது. அதன் பிறகுதான் மேனேஜ்டு சுவிட்சுகள் வந்தன.

அலுவலகத்துக்கு விலேன் 10, இயந்திரங்களுக்கு விலேன் 20 என்று பிரித்தோம். இயந்திரங்களின் ஐபி முகவரிகளை நாங்கள் தொடவில்லை. அவை பிஎல்சி நிரலிலும் ஹெச்எம்ஐ திரைகளிலும் பதிந்து கிடப்பவை. ஒன்றை மாற்றினால் பத்து இடத்தில் மாற்ற வேண்டும். அலுவலகக் கணினிகள் முகவரியைத் தானாகவே பெறுபவை. அதனால் அந்தப் பக்கத்தைத்தான் புதிய வரிசைக்கு நகர்த்தினோம்.

ஞாயிறன்று மாற்றி முடித்தோம். லைன் ஓடியது. சிறிது நேரத்தில் ரிமோட் ஐ/ஓ தொடர்பு அறுந்து நின்றது. சில நொடிகளில் தொடர்பு தானே திரும்பியது. ஆபரேட்டர் ரீசெட் செய்தார். மீண்டும் ஓடி மீண்டும் நின்றது. கேபிள், கனெக்டர், மின்வழங்கி எல்லாவற்றையும் சோதித்தோம். மூன்றாவது முறை கைபேசியில் நேரம் பிடித்தேன்: 4 நிமிடம் 20 நொடி. அடுத்த முறையும் அதே நேரம். கேபிள் பழுதாக இருந்தால் இப்படிக் கடிகாரம் பார்த்து நிற்காது என்பது அப்போதுதான் உறைத்தது.

பேனல் வயரிங்

இத்தனை சிரமம் எதற்கு சார்? அலுவலகத்துக்கு ஒரு ஐபி வரிசை, இயந்திரங்களுக்கு வேறொரு வரிசை கொடுத்தால் போதுமே. நான் வேலை செய்த இடங்களில் அப்படித்தான் விட்டிருக்கிறோம்.

நெட்வொர்க் பணியாளர்

வரிசையைப் பிரித்தால் கணினியும் பிஎல்சியும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது. அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் பிராட்காஸ்ட் ஐபி வரிசையைப் பார்ப்பதில்லை. சுவிட்ச் ஒன்றாக இருக்கும்வரை பேட்ச் கார்டு சுழற்சியின் வெள்ளம் எல்லாப் போர்ட்டுக்கும் போகும்.

அந்த 4 நிமிடம் 20 நொடி என்பது 260 நொடி. மல்டிகாஸ்ட் குழுவில் சேர்வதற்கான ஐஜிஎம்பி நெறிமுறையில் ஒரு சாதனத்தின் குழு உறுப்புரிமை, புதுப்பிக்கப்படாவிட்டால், இயல்பாகக் காலாவதியாகும் நேரம் அது. உங்கள் ரிமோட் ஐ/ஓ உள்ளீடுகளை மல்டிகாஸ்ட்டாக அனுப்புகிறது. தொடர்பு திறக்கும்போது பிஎல்சி "எனக்கும் அனுப்பு" என்று ஒருமுறை சொல்கிறது. ஸ்னூப்பிங் இயங்கும் சுவிட்ச் அதைக் குறித்துக்கொண்டு, கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்புகிறது. "இன்னும் வேண்டுமா?" என்று அவ்வப்போது கேட்க ஒரு கொயரியர் வேண்டும். வழக்கமாக ரவுட்டர் அதைச் செய்யும். விலேன் 20-இல் ரவுட்டரே இல்லை. கேட்க யாருமில்லாததால் சுவிட்ச் பிஎல்சியின் பெயரை அழித்துவிட்டது.

ஷிஃப்ட் பொறியாளர்

அதேதான். பழைய சாதாரண சுவிட்ச் எல்லாவற்றையும் எல்லாருக்கும் கொட்டியதால் இந்தக் கோளாறு வெளியே தெரியவில்லை. சுவிட்சையே கொயரியர் ஆக்கினோம்:

```
ip igmp snooping querier
```

இதை மட்டும் கொடுத்தபோது பலனில்லை. கேள்வி அனுப்ப சுவிட்சுக்கு ஒரு முகவரி வேண்டும். விலேன் 20-இல் அதற்கு முகவரியே கொடுத்திருக்கவில்லை. கொடுத்தபின் இதில் பார்த்தால் விலேன் 20 தெரிந்தது:

```
show ip igmp snooping querier
```

ஐந்து நிமிடம் பேனல் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். லைன் நிற்கவில்லை.

கேமரா பொருத்துநர்

எங்கள் ஆலையில் கேமராப் பதிவு விட்டுவிட்டு வருகிறது. கேமராக்களையும் விலேன் 20-இல் போட்டால் சரியாகிவிடுமா?

நெட்வொர்க் பணியாளர்

வேண்டாம். ஓயாமல் படம் அனுப்பும் சாதனங்களை இயந்திரங்களோடு சேர்ப்பது பிரித்ததையே வீணாக்கும். கேமராவுக்குத் தனி விலேன் போடுங்கள். பதிவு விடுபடுவதற்குக் காரணம் வேறாக இருக்கலாம்.

ஓசூர் மின்பிரிவு

எங்கள் லைனில் பத்துச் சாதனங்கள்தான். இயந்திர விலேனில் ஸ்னூப்பிங்கையே நிறுத்திவிட்டோம். எந்தத் தொல்லையும் இல்லை. கொயரியர் இருக்கும் சுவிட்ச் பழுதானால் என்ன செய்வீர்கள்?

ஷிஃப்ட் பொறியாளர்

இன்னொரு சுவிட்சிலும் கொயரியரை இயக்கியிருக்கிறேன். குறைந்த முகவரி உள்ளது வேலை செய்யும். அது போனால் மற்றது எடுத்துக்கொள்ளும். பத்துச் சாதனங்களுக்கு உங்கள் வழி போதும்தான். எங்களிடம் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. பழைய ஹெச்எம்ஐ சில, தேவையில்லாத மல்டிகாஸ்ட் குவிந்தாலே திணறுகின்றன.

எனக்கு இன்னும் உறுத்துவது டிரங்க். இரண்டு விலேன்களும் ஒரே ஃபைபரில்தான் ஷாப் ஃப்ளோருக்கு வருகின்றன. அலுவலகத்தில் மறுபடியும் பேட்ச் கார்டு சுழற்சி வந்தால் வெள்ளம் விலேன் 20-க்குள் நுழையாது. ஆனால் அந்த ஃபைபரை நிரப்பிவிடும். விலேன் 10-ஐ அந்த டிரங்கிலிருந்து எடுத்துவிடலாம் என்றால் ஷாப் ஃப்ளோரில் சூப்பர்வைசரின் கணினி ஒன்று இருக்கிறது. அதற்காகத் தனி ஃபைபர் இழுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, அல்லது அலுவலகப் போர்ட்டுகளில் பிராட்காஸ்ட்டுக்கு வரம்பு வைத்தே சமாளிக்கிறீர்களா?