டோல்கேட்டில் ரொக்கமும் கொடுத்தேன், ஃபாஸ்டேகிலும் எடுத்துவிட்டார்கள்

மதுரைக்காரன்: போன மாதம் சென்னையிலிருந்து காரில் வரும்போது ஒரு டோல்கேட்டில் ஸ்கேனர் டேகைப் படிக்கவில்லை. பின்னால் ஒரே ஹாரன். "டேக் வேலை செய்யல சார், கேஷ் குடுங்க" என்றார் பூத்திலிருந்த பையன். டேகில் 600 ரூபாய்க்கு மேல் இருந்தது. 70 ரூபாய் இடத்தில் இரட்டிப்பாக 140 கொடுத்து ரசீதை வாங்கிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் கழித்து டீக்கடையில் நிற்கும்போது மெசேஜ்: அதே டோல்கேட், 70 ரூபாய் பிடித்தம். யாரிடம் கேட்பது?

நெல்லை அண்ணாச்சி: 24 மணி நேரத்துக்குள்ள திரும்பினா பாதிக் கட்டணம் எடுப்பாங்க தம்பி. அதுவா இருக்கும்.

மதுரைக்காரன்: நான் திரும்பவே இல்லையே அண்ணாச்சி!

லாரி ஆபீஸ்: அந்தச் சலுகை உண்மைதான், ஆனால் இது அதுவல்ல. மெசேஜ் வந்த நேரத்தை விடுங்கள், அது தாமதமாகத்தான் வரும். டேக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டில் Reader Read Time என்று ஒன்று இருக்கும். அது ரசீதில் உள்ள நேரத்தை ஒட்டி இருந்தால் ஸ்கேனர் உங்கள் டேகைப் படித்திருக்கிறது, பூத் திரையில்தான் வரவில்லை. ஒரே தடவை கடந்ததற்கு இரண்டு வசூல். எங்கள் வண்டிகளுக்கு இது வருடத்தில் நாலைந்து முறை நடக்கும்.

டோல்கேட்டுக்குத் திரும்பிப் போய்ச் சண்டை போடாதீர்கள். டேக் கொடுத்த வங்கியில்தான் புகார் வைக்க வேண்டும். அவர்கள் டோல்கேட்டின் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்பார்கள். பரிவர்த்தனை எண்ணையும் ரசீதின் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ரசீதை உடனே போட்டோ எடுங்கள், அந்தத் தாளில் எழுத்து சீக்கிரமே வெளுத்துவிடும்.

ஈசிஆர் வாசி: ஃபாஸ்டேக் வருடப் பாஸ் எடுத்தும் எனக்கு ஈசிஆரில் காசு போகிறது. நானும் புகார் செய்யலாமா?

லாரி ஆபீஸ்: அந்தப் பாஸ் தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டுகளுக்கு மட்டும்தான். ஈசிஆரில் மாநில அரசின் டோல்கேட்டில் எடுத்திருந்தால் அது சரியான பிடித்தம்.

கோவை: என் வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போதே ஒரு தடவை பணம் போனது. பூத்தில் வண்டி எண்ணைக் கையால் தட்டும்போது ஒரு எழுத்து மாறினால் இப்படி ஆகுமாம். falsededuction@ihmcl.com முகவரிக்கு எழுதினேன், நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கும் பேசினேன். பணம் வந்துவிட்டது. இப்படித் தவறாக எடுத்தால் வசூல் நிறுவனத்துக்கு ஒரு லட்சம் வரை அபராதம் போடுகிறார்கள்.

மதுரைக்காரன்: அப்டேட்: இரண்டு நேரத்துக்கும் ஒரு நிமிஷம்கூட வித்தியாசமில்லை. வங்கியில் கொடுத்தேன், 11ஆம் நாள் 70 ரூபாய் டேகில் ஏறிவிட்டது. ரொக்கம் 140?

லாரி ஆபீஸ்: டேகில் பணம் இருந்து, டோல்கேட் மிஷின் பழுது என்றால் பூஜ்ய ரசீது கொடுத்து இலவசமாக விட வேண்டும். அதுதான் விதி. ஆனால் ரொக்கமாகக் கொடுத்தது டேக் கணக்கில் பதிவாகாது, அதை வங்கியால் மீட்க முடியாது. 1033இல் தனியாகப் புகார் போடுங்கள். எனக்கு ஒரு தடவை கிடைத்தது, இரண்டு தடவை பதிலே இல்லை.

மதுரைக்காரன்: போட்டாச்சு. புகார் எண் வந்திருக்கிறது, காசு இன்னும் வரவில்லை.