இரட்டிப்பு கார்பனுக்கு எத்தனை டிகிரி? நாற்பது ஆண்டுகளாக ஏன் ஒரே எண் கிடைக்கவில்லை?

தாமரைக்குளம்:
பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் புவி எவ்வளவு சூடாகும் என்று ஒரு மாணவி கேட்டாள். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கைப்படி 2.5 முதல் 4 டிகிரி வரை, நடு மதிப்பு 3 என்றேன். "செயற்கைக்கோளெல்லாம் இருக்கும்போது ஏன் ஒரே எண் சொல்ல முடியவில்லை?" என்று திருப்பிக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

குழாய்ப்பொறியாளர்:
உங்கள் மாணவி கேட்டது சரியான கேள்வி. 1979-இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் வானிலை அறிவியலாளர் ஜூல் சார்னி தலைமையில் ஒரு குழு கூடி, 1.5 முதல் 4.5 டிகிரி என்று சொன்னது. 2013-இல் ஐபிசிசி அறிக்கையும் அதே 1.5 முதல் 4.5 என்றுதான் சொன்னது. இடையில் 34 ஆண்டுகள், கணினியின் வேகம் எத்தனையோ லட்சம் மடங்கு கூடியது, இடைவெளி ஓர் அங்குலமும் குறையவில்லை. என் தொழிலில் ஓர் அழுத்தமானி 34 ஆண்டுகள் இப்படிக் காட்டினால், கருவியின் அடிப்படையிலேயே கோளாறு என்பேன். கணினி மாதிரிகளை விட்டுவிட்டு அளந்த வெப்பநிலையை எடுத்துக் கணக்குப் போட்டாலே போதும்.

அமராவதிக்கரை:
நான் கரூர்ப் பக்கம் விவசாயம் செய்கிறேன். எங்கள் ஊரில் சித்திரையில் 40 டிகிரி வருகிறது. நீங்கள் சொல்லும் 3 டிகிரியைக் கூட்டி 43 என்று எடுத்துக்கொள்ளலாமா? போன கோடையில் முருங்கைப்பூ முழுவதும் உதிர்ந்துவிட்டது. அதனால் கேட்கிறேன்.

முகில்நோக்கி:
வளிமண்டலக் கதிர்வீச்சில் பதினைந்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன். முதலில் அமராவதிக்கரை ஐயாவுக்கு. அப்படிக் கூட்டக் கூடாது ஐயா. அந்த 3 டிகிரி கடலும் நிலமும் துருவமும் சேர்ந்த புவி முழுமைக்கான ஆண்டுச் சராசரி. அதுவும் கார்பன் டை ஆக்சைடு இரட்டித்து அங்கேயே நின்று, ஆழ்கடல் உட்பட எல்லாம் சூடேறி அடங்கிய பிறகு வரும் கணக்கு. அதற்குப் பல நூறு ஆண்டுகள் ஆகும். பொதுவாக நிலம் கடலைவிட அதிகமாகச் சூடாகும். ஆனால் 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி உயர்வு சுமார் 0.7 டிகிரிதான், இது உலகச் சராசரியைவிடக் குறைவு. வட இந்தியாவின் புகைமூட்டமும் பெருகிய பாசனமும் இதற்குக் காரணங்கள் என்று சொல்லப்படுகின்றன. உங்கள் ஊரின் நிலவரத்துக்கு வேறு கணக்கு வேண்டும்.

இனி ஆசிரியரின் கேள்வி. கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால், விண்வெளிக்குப் போகவேண்டிய வெப்பத்தில் சதுர மீட்டருக்கு சுமார் 3.9 வாட் தடுக்கப்படுகிறது. இதில் பெரிய சண்டை இல்லை. அந்தக் கடனை அடைக்க புவி சூடாகி, அதிகக் கதிர்களை வெளியே விட வேண்டும். ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் அது 3.2 வாட் கூடுதலாக விடும். 3.9-ஐ 3.2-ஆல் வகுத்தால் 1.2 டிகிரி. வேறெதுவும் மாறாவிட்டால் விடை இதுதான், உங்கள் மாணவியும் போட்டுவிடக்கூடிய கணக்கு.

ஆனால் மற்றவை மாறுகின்றன. சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும், நீராவியும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். பனி உருகினால் அடியில் இருக்கும் கருமையான கடலும் மண்ணும் வெயிலை உறிஞ்சும். இந்த இரண்டும் சேர்ந்து, புவி வெளியேவிடும் அந்த 3.2-இல் சுமார் 1.65-ஐத் தின்றுவிடுகின்றன. மிச்சம் 1.55. இப்போது வகுத்தால் 2.5 டிகிரி. இதுவரைக்கும் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். 1991-இல் பினாட்டுபோ எரிமலை வெடித்துப் புவி அரை டிகிரி அளவுக்குக் குளிர்ந்தபோது, காற்றின் நீராவி எதிர்பார்த்த அளவிலேயே குறைந்ததைச் செயற்கைக்கோள்கள் அளந்தன.

மேகத்தைச் சேர்க்கும்போதுதான் சிக்கல். பெரு, நமீபியா, கலிஃபோர்னியா கரைகளுக்கு அப்பால் கடல்மேல் பாய் விரித்ததுபோல் தாழ்வான மேகங்கள் கிடக்கும். வெள்ளையாக இருப்பதால் வெயிலைத் திருப்பி அனுப்பும். கடல் சூடானால் அந்தப் பாயில் ஓட்டை விழுமா, எவ்வளவு விழும்? மேகத்தின் பங்கை டிகிரிக்கு 0.4 வாட் என்று வைத்தால், 1.55-இல் அது போக மிச்சம் 1.15, விடை 3.4 டிகிரி. அதே பங்கு 0.8 என்றால் மிச்சம் 0.75, விடை 5.2 டிகிரி.

இந்த மூன்று விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மேகத்தில் 0.4 கூடியபோது 2.5 என்பது 3.4 ஆனது. மறுபடி அதே 0.4 கூடியபோது 5.2-க்குத் தாவியது. வகுக்கும் எண் சிறுத்துக்கொண்டே போவதால், மேலே போகப்போகச் சிறு பிழையும் பெரிதாகத் தெரிகிறது. ஆராய்ச்சி முன்னேறினாலும் மேல் எல்லை லேசில் இறங்காததற்கு இந்த வகுத்தல் ஒரு முக்கியக் காரணம்.

குழாய்ப்பொறியாளர்:
கணக்கு தெளிவாக இருக்கிறது, நன்றி. ஆனால் நான் சொன்னதற்கே இது ஆதாரமாகிறது. மேகம்தான் பிரச்சினை என்றால் மேகத்தைக் கணிக்கவே வேண்டாமே. 1850-க்குப் பிறகு புவி எவ்வளவு சூடானது என்று தெரியும். கார்பன் எவ்வளவு கூடியது என்றும் தெரியும். நடந்தது நடந்துவிட்டது, மேகம் செய்ததும் அதற்குள் அடக்கம். அதை வைத்து வகுத்தால் 2 டிகிரியைச் சுற்றித்தான் வருகிறது. இதை ஏன் ஒதுக்குகிறீர்கள்?

முகில்நோக்கி:
ஒதுக்கவில்லை, அதையும் போட்டுப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் 2006 முதல் 2019 வரையிலான காலம் 1.03 டிகிரி அதிகம். இதே காலத்தில் மனிதரால் கூடிய மொத்த வெப்பத் தடுப்பு சதுர மீட்டருக்கு சுமார் 2.2 வாட். அதில் 0.6 இன்னும் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது, காற்றின் வெப்பமாக வெளிப்படவில்லை. ஆக 1.6 வாட்டுக்கு 1.03 டிகிரி. 3.9 வாட்டுக்குக் கணக்கிட்டால் 2.5 டிகிரி வருகிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது அந்த 2.2 எப்படி வந்தது என்பதை. பசுங்குடில் வாயுக்களின் பங்கு நன்றாகத் தெரியும். ஆனால் நிலக்கரிப் புகையும் கந்தகத் துகள்களும் வெயிலை மறைத்துப் புவியைக் குளிர்விக்கின்றன. எவ்வளவு குளிர்வித்தன என்பதை 1850-இல் யாரும் அளக்கவில்லை, இன்று அளப்பதும் கடினம். பெரும்பாலும் இதனால்தான் அந்த 2.2 உண்மையில் 1.5-ஆகவும் இருக்கலாம், 2.9-ஆகவும் இருக்கலாம். 1.5 என்றால் உங்கள் வழியிலேயே 4.5 டிகிரி வருகிறது. 2.9 என்றால் 1.75 டிகிரி. கணினி மாதிரியைத் தள்ளிவைத்தாலும் அதே அகலம் வாசலில் வந்து நிற்கிறது.

குழாய்ப்பொறியாளர்:
துகள்களின் பிழை இவ்வளவு பெரிது என்று நான் எண்ணவில்லை. ஆனாலும் நடுப்புள்ளி 2.5 தானே? அறிக்கை 3 என்கிறது. அரை டிகிரி எங்கிருந்து வந்தது?

முகில்நோக்கி:
சரியான இடத்தைப் பிடித்தீர்கள். கடந்த சில பத்தாண்டுகளில் மேற்குப் பசிபிக் நன்றாகச் சூடானது, கிழக்குப் பசிபிக்கின் ஒரு பகுதி சூடாகவில்லை, சில இடங்களில் குளிர்ந்தும் விட்டது. தாழ்மேகப் பாய் கிடப்பது அந்தக் கிழக்கில்தான். அடியில் தண்ணீர் குளிராக இருந்தால் பாய் கெட்டியாகும், அதிக வெயிலைத் திருப்பி அனுப்பும். நாம் அளந்த காலத்தில் மேகம் நமக்கு உதவியிருக்கிறது. கிழக்கும் சூடாகத் தொடங்கினால் அந்த உதவி நின்றுபோகும். அதனால்தான் கடந்தகாலக் கணக்கு மட்டும் எதிர்காலத்தைக் குறைத்துக் காட்டக்கூடும் என்கிறார்கள்.

வெண்மணல்:
எல்லோரும் 3 பற்றியே பேசுகிறீர்கள். புதிய மாதிரிகள் பல 5 டிகிரிக்கு மேல் காட்டுகின்றனவே! மாதிரி புதிதாக வந்தால் அதுதானே துல்லியமானது? இதை மக்களிடம் ஏன் மறைக்கிறார்கள்? எனக்கு இரண்டு சிறு குழந்தைகள் இருக்கிறார்கள், இந்த எண்களைப் படித்தால் இரவில் தூக்கம் வருவதில்லை.

முகில்நோக்கி:
யாரும் மறைக்கவில்லை அம்மா, அந்த எண்கள் வெளிப்படையாகவே வெளியாகியுள்ளன. அவை கூடியதற்குக் காரணமும் உண்டு. பழைய மாதிரிகளில் தென்பெருங்கடலின் மேகங்களில் பனித்துகள் அளவுக்கு மீறி இருந்தது. சூடானதும் பனி நீர்த்துளியாகி மேகம் வெளுத்தது, வெப்பம் தணிந்தது. உண்மையில் அங்கே உறையாத குளிர்நீர்த்துளிகள் ஏற்கெனவே நிறைய உண்டு. அதைத் திருத்தியதும் தணிக்கும் விளைவு குறைந்தது. திருத்தம் சரிதான், ஆனால் ஒரு திருத்தம் சரியாக இருப்பதால் மாதிரி முழுவதும் சரியாகிவிடாது.

எப்படிச் சோதிப்பது? அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தின் சி.இ.எஸ்.எம்.2 மாதிரி 5 டிகிரிக்கு மேல் காட்டியது. அதே மாதிரியை 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியுகத்துக்கு ஓட்டிப் பார்த்தார்கள். கடலடிப் படிவுகளும் பிற சான்றுகளும் அன்றைய புவி தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 5 முதல் 7 டிகிரி குளிர் என்கின்றன. மாதிரியோ 11 டிகிரிக்கு மேல் குளிர்வித்துவிட்டது. அவ்வளவு குளிர் நிகழவில்லை.

2021 அறிக்கை எல்லையைச் சுருக்கியது இந்த வழியில்தான். மேகத்தின் இயற்பியல், அளந்த வெப்பநிலை, பழங்காலம் என்று தனித்தனியே பிழைபடும் சான்றுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தார்கள். 2-க்குக் கீழே இருந்தால் பனியுகத்தை விளக்குவது கடினம், 5-க்கு மேலே இருந்தாலும் கடினம். அதனால் 2.5 முதல் 4 வரை இருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள்.

குழாய்ப்பொறியாளர்:
1.5-க்குப் பக்கத்தில் இருக்கும் என்று நான் நம்பிவந்ததை விட்டுவிடுகிறேன், பனியுகம் அதற்கு இடம் தரவில்லை. ஆனால் கிழக்குப் பசிபிக் விவகாரத்தை ஏற்க மாட்டேன். மாதிரிகள் பெரும்பாலும் அங்கே சூடாகும் என்றன, உண்மையில் சூடாகவில்லை. ஏன் என்று சொல்ல முடியாதவர்கள், நாளை சூடாகும் என்று அரை டிகிரியைக் கூட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

முகில்நோக்கி:
அந்த ஆட்சேபணை எங்களுக்குள்ளும் இருக்கிறது. அது இயற்கையான ஊசலாட்டமா, துகள்களின் விளைவா, மாதிரிகளின் குறையா என்பது முடிவாகவில்லை. உங்களை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

தாமரைக்குளம்:
இரண்டு வகுத்தல்களையும் நாளை கரும்பலகையில் போடுகிறேன். இன்னொரு சந்தேகம். துகள்தான் கணக்கைக் குழப்புகிறது என்றால், துகளைத் திடீரென்று குறைத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

முகில்நோக்கி:
அப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. கப்பல் போன தடத்தில் கோடுபோல் விழும் மேகங்கள் அதற்குப் பிறகு குறைந்துவிட்டன. 2023, 2024 வெப்பத்தில் அதன் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டவர்களுக்குள் இன்னும் பெரிய வேறுபாடு இருக்கிறது, எல் நினோவும் அதே நேரத்தில் வந்து கலந்துவிட்டது. சீரெஸ் என்ற செயற்கைக்கோள் கருவிகளின் அளவீடுகளை மாணவியிடம் காட்டுங்கள். புவிக்குள் வரும் ஆற்றலுக்கும் வெளியே போகும் ஆற்றலுக்கும் உள்ள வித்தியாசம் 2005-க்கும் 2019-க்கும் இடையில் ஏறக்குறைய இரட்டித்திருப்பது அதில் தெரியும்.

அமராவதிக்கரை:
கரூருக்கு வேறு கணக்கு என்றீர்களே தம்பி, அதை எங்கே பார்ப்பது?