காத்திருப்பு ஒன்றா, இரண்டா? ரேட் லிமிட், பேக்ஆஃப் ஆகியவற்றுக்குச் சொல் தேடி

முகிலன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பதிவுகளை முன்கூட்டியே நேரம் குறித்து மொத்தமாக அனுப்பும் ஒரு திறமூலக் கருவியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டு சொற்களில் நின்றுவிட்டேன். ஒன்று ரேட் லிமிட், அதாவது குறித்த நேரத்துக்குள் இத்தனை முறைதான் கேட்கலாம் என்று வழங்கி வைக்கும் கட்டுப்பாடு. மற்றொன்று எக்ஸ்பொனென்ஷியல் பேக்ஆஃப், தோற்கும் ஒவ்வொரு முறையும் காத்திருப்பை நீட்டி மறுபடி முயல்வது. இப்போதைக்கு 'விகித வரம்பு', 'அடுக்குக்குறிப் பின்னடைவு' என்று போட்டிருக்கிறேன். திரையில் பார்த்தால் எனக்கே பொருள் விளங்கவில்லை.

சொல் எங்கே வருகிறது என்று தெரிந்தால்தானே யோசிக்க முடியும், அதற்காக என் சோதனையைச் சொல்கிறேன். மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் ஒரு கணக்கில் 300 குறள்களை, ஒவ்வொன்றுக்கும் ஒரு படத்துடன், நாளுக்குப் பத்து வீதம் நேரம் குறித்து வைக்கப் பார்த்தேன். காலை 10.30-க்குக் கருவியை ஓடவிட்டேன். முதல் 30 படங்கள் ஒரு நிமிடத்துக்குள் ஏறிவிட்டன. அடுத்து 56 படங்கள் வரிசையாகத் தோற்றன. பிறகு 30 ஏறின. மறுபடியும் ஐம்பத்துச் சொச்சம் தோல்வி. முடிவில் 120 குறள்களுக்கு மட்டுமே படம் இருந்தது, மீதி 180 வெறும் எழுத்தாக நின்றன. ஒவ்வொரு தோல்விக்கும் கருவி காட்டிய செய்தி, 'அடுக்குக்குறிப் பின்னடைவு முடிந்தது'. இதைப் படிக்கிறவர் என்ன செய்வார்?

கயல்விழி எழுதியது:

முகிலனுக்கு வணக்கம். 'பின்னடைவு' கட்டாயம் வேண்டாம். தேர்தலில் வருவதும் உடல்நிலையில் வருவதும்தான் பின்னடைவு, அது நமக்கு நேர்வது. இங்கே நாமே விரும்பி ஒதுங்குகிறோம் அல்லவா? 'பின்வாங்கல்' பொருந்தும். மோதிப் பார்த்தவன் ஒரு அடி பின்னால் போய் நின்று மறுபடி வருகிறான், படமும் மனதில் எழுகிறது.

ரேட் லிமிட்டுக்கு 'வேக வரம்பு' என்றே சொல்லலாம். சாலையில் அந்தப் பலகையைப் பார்க்காதவர் இல்லை. எனக்குப் புரிந்தவரை, வரம்பை மீறினால் வழங்கி தண்டனையாகக் காத்திருப்பை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகிறது. அப்படியென்றால் 'இரட்டிப்புத் தடை' என்றும் யோசிக்கலாம்.

தேவன் (வவுனியா) எழுதியது:

விகிதம் என்றால் 3:4 போன்ற ஒப்பீடு. ஒரு கால அளவுக்கு எத்தனை என்பதற்கு எங்கள் பாடநூல்களில் 'வீதம்' என்றே படித்தோம். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் 'வட்டி விகிதம்' என்று எழுதுவதால்தான் இந்தக் குழப்பம். முகிலன் தம்பியே தன் கடிதத்தில் 'நாளுக்குப் பத்து வீதம்' என்றுதான் எழுதியிருக்கிறார், கவனித்தீர்களா? சொல் அவர் கையிலேயே இருக்கிறது. 'வீத வரம்பு' என்பதே என் வாக்கு.

'அடுக்குக்குறி' பற்றியும் ஒரு சொல். நாங்கள் கணிதத்தில் 'சுட்டி' என்று படித்ததை நீங்கள் கணினியில் வேறு பொருளில் வைத்திருக்கிறீர்கள். ஆகவே கணிதப் பெயரைத் தவிர்த்துவிட்டால் இரு கரைக்கும் நல்லது.

அருள் எழுதியது:

முகிலனின் எண்களைப் பார்த்ததும் என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டது. சொல்லும் அதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன், சற்று விரிவாக எழுதுகிறேன்.

மாஸ்டடான் மென்பொருளின் இயல்பு அமைப்பில் ஒரு கணக்கு 30 நிமிடத்துக்கு 30 படங்களை ஏற்றலாம். அந்த 30 நிமிடம் நாம் தொடங்கும் நேரத்திலிருந்து ஓடுவதில்லை, கடிகாரத்தின் அரைமணிகளோடு ஓடுகிறது. 10.30-க்குத் தொடங்கியவருக்கு 10.31-க்கே பங்கு தீர்ந்துவிட்டது. 11 மணி வரை, அதாவது 29 நிமிடம், என்ன செய்தாலும் 31-ஆவது படம் ஏறாது. அப்போது வழங்கி அனுப்பும் பதில் இப்படி இருக்கும்:

```
HTTP/1.1 429 Too Many Requests
X-RateLimit-Limit: 30
X-RateLimit-Remaining: 0
X-RateLimit-Reset: 2025-03-08T05:30:00.000000Z
```

கடைசி வரி உலகப் பொது நேரம். நம் நேரத்தில் காலை 11. எப்போது வரவேண்டும் என்று வழங்கி கையில் எழுதிக் கொடுத்திருக்கிறது. முகிலனின் கருவி அதைப் படிக்கவே இல்லை. அது பாட்டுக்கு 1, 2, 4, 8, 16 நொடி என்று காத்து ஐந்து முறை முயன்றிருக்கிறது. கூட்டினால் 31 நொடி. பிறகு அந்தப் படத்தைக் கைவிட்டு அடுத்ததை எடுத்திருக்கிறது. 29 நிமிடம் என்பது 1740 நொடி. அதை 31-ஆல் வகுத்தால் 56. தோற்ற படங்களின் எண்ணிக்கை அதுதான். பதிவேட்டில் இப்படிக் கொத்தாக வெற்றியும் கொத்தாகத் தோல்வியும் மாறி மாறி வந்தால், பிணையத்தில் கோளாறு தேடவேண்டாம், இந்த வரம்பில்தான் மோதுகிறோம்.

ஐந்து முறை என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றலாம். 512 நொடி வரை இரட்டித்து முடிக்கும்போது 1023 நொடி கழிந்திருக்கும், கதவு இன்னும் திறக்கவில்லை. அடுத்த காத்திருப்பு 1024 நொடி. அது முடியும்போது 2047, கதவு திறந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பத்து முயற்சிகள் வீண், ஐந்து நிமிடமும் வீண். வரியைப் படித்திருந்தால் ஒரே காத்திருப்பு, ஒரே முயற்சி.

ஆகவே இங்கே இரண்டு காத்திருப்புகள் இருக்கின்றன. நேரம் சொல்லப்பட்ட காத்திருப்பு ஒன்று. வழங்கி 503, அதாவது இப்போது சேவை தர முடியாது, என்கிறது, அல்லது பதிலே வரவில்லை, எப்போது சரியாகும் என்று யாருக்கும் தெரியாது, அப்போது இருட்டில் தட்டிப் பார்க்கும் காத்திருப்பு மற்றொன்று. இரட்டித்துக்கொண்டே போவது இரண்டாவதற்கு மட்டும் உரியது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் பிழைச்செய்தி மறுபடியும் பொய் சொல்லும்.

கயல்விழி அம்மா, ஒரு திருத்தம். காத்திருப்பை இரட்டிப்பது வழங்கி அல்ல, நம் பக்கத்து நிரல்தான். தண்டனை ஏதும் இல்லை. ஆகவே 'தடை' பொருந்தாது. ஆனால் 'பின்வாங்கல்' என்று நீங்கள் சொன்னது, சொல் பிறந்த இடத்துக்கு மிகப் பொருத்தம். 1976-இல் மெட்காஃபும் பாக்ஸும் ஈத்தர்நெட்டை விவரித்து எழுதினார்கள். அங்கே ஒரே கம்பியில் இரு கணினிகள் ஒரே நேரத்தில் பேசினால் மோதல். இரண்டும் விலகி, ஆளுக்கொரு தற்செயல் நேரம் காத்து, மறுபடி வரவேண்டும். 10 மெகாபிட் ஈத்தர்நெட்டில் அந்தக் காத்திருப்பின் அலகு 51.2 மைக்ரோநொடி. மோதும் ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கும் எல்லை இரட்டிக்கும், பத்தாவது மோதலோடு 1023 அலகில் நின்றுவிடும், 16 முறை முயன்றும் முடியாவிட்டால் கைவிடப்படும். அது உண்மையான பின்வாங்கல். நம் கருவியோ யாரோடும் மோதவில்லை, கதவு திறக்கக் காத்து நிற்கிறது.

செல்வி எழுதியது:

எங்கள் வாசகர் வட்டத்தின் கணக்கிலும் இதே தொல்லைதான். சென்ற மாதம் கூட்ட அறிவிப்புகள் ஒவ்வொன்றும் இரண்டு முறை வெளியாகி, உறுப்பினர்கள் இரண்டு கூட்டம் என்று நினைத்துவிட்டார்கள். இந்த வரம்பைத் தாண்டியதால்தான் இரட்டை வந்ததா? அப்படியானால் 'இரட்டிப்பு' என்ற சொல்லே வேண்டாம் என்பேன், படிக்கிறவர்கள் பதிவு இரட்டிக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அருள் எழுதியது:

செல்வி அக்கா, உங்களுடையது வேறு சிக்கல். 429 வந்தால் பதிவு ஏற்கப்படவில்லை என்று உறுதி, மறுபடி அனுப்பினால் இரட்டை வராது. உங்கள் பதிவு வழங்கிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், 'சேர்ந்தது' என்ற பதில் வழியில் தொலைந்திருக்கும். கருவி தோல்வி என்று எண்ணி மறுபடி அனுப்பியிருக்கும். ஒவ்வொரு பதிவோடும் `Idempotency-Key` என்ற தலைப்பில் ஓர் அடையாளத்தை அனுப்பி, மறுமுயற்சியிலும் அதே அடையாளத்தைக் கொடுத்தால், மாஸ்டடான் இரண்டாவதைப் புதிதாக வெளியிடாமல் முதல் பதிவையே திருப்பித் தரும். அந்த அடையாளத்தை அது ஒரு மணிநேரம்தான் நினைவில் வைத்திருக்கும். காத்திருப்பு அதற்கு மேல் நீண்டால் இரட்டை திரும்ப வரும். அதனால்தான் காத்திருப்புக்கு உச்ச அளவு வைப்பது முக்கியம். கீழே `cap` என்பது அந்த உச்சம், `base` தொடக்கக் காத்திருப்பு, `n` முயற்சியின் எண்:

```
wait = random(0, min(cap, base * 2**n))
```

ஆனால் சொல்லைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. `base` ஒன்றானாலும் பெருக்கும் எண் 2 ஆகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, சிலர் 1.5 வைக்கிறார்கள். 'மடங்கு' என்றால் இரண்டும் அடங்கும். 'மடங்கேறு காத்திருப்பு' எப்படி?

தேவன் எழுதியது:

'மடங்கேறு' நன்றாக இருக்கிறது. காதில் 'மடக்கை' வந்து மோதுகிறது, ஆனாலும் எழுத்தில் குழப்பம் வராது. அப்படியானால் நேரம் சொல்லப்பட்டதற்கு 'குறித்த காத்திருப்பு' போதும்.

கயல்விழி எழுதியது:

அருள், தண்டனை பற்றிய என் எண்ணம் தவறு, திருத்தியதற்கு நன்றி. அப்படியும் 'பின்வாங்கல்' என்பதை விட மனம் வரவில்லை. பிணையப் பாடங்களில் மோதல் என்று வரும் இடத்தில் அதை வைத்துக்கொள்ளுங்கள். 'வேக வரம்பை' நானே விலக்கிக்கொள்கிறேன். முகிலன் ஒரு நிமிடத்தில் முப்பதை அனுப்பியும் வழங்கி தடுக்கவில்லை, அரைமணிக் கணக்குத் தீர்ந்த பிறகுதானே தடுத்தது. சாலையில் அப்படி ஓட்ட முடியாது.

முகிலன் எழுதியது:

படம் ஏற்றும் பகுதியைத் திருத்தி மறுபடி ஓடவிட்டேன். அரைமணிக்கு 30 என்று பத்துத் தவணை. 10.30-க்குத் தொடங்கியது, கடைசித் தவணை 3 மணிக்கு ஏறியது. ஒன்றும் விடுபடவில்லை.

பிறகு ஆசைப்பட்டு 301-ஆவது குறளையும் சேர்த்தேன். வந்தது 429 அல்ல, 422 என்ற வேறு பிழை. தேடிப் பார்த்தால், நேரம் குறித்துக் காத்திருக்கும் பதிவுகள் ஒரு கணக்கில் மொத்தம் 300-க்கு மேல் இருக்கக்கூடாது, ஒரு நாளுக்கு 25-க்கு மேல் குறிக்கவும் கூடாது. இதற்குக் காத்திருந்து பயனில்லை, குறித்தவற்றில் ஒன்று வெளியானாலோ அதை நீக்கினாலோதான் இடம் வரும். ஆகவே இதை வீத வரம்பு என்று சொல்லாமல் 'ஒதுக்கீடு' என்று தனியாகப் பிரித்துவிட்டேன்.

கோப்பில் இப்போது இருப்பவை: 'வீத வரம்பு எட்டப்பட்டது. 11.00 மணிக்கு மீண்டும் முயலும்.' 'வழங்கி பதில் தரவில்லை. மடங்கேறு காத்திருப்பு: அடுத்த முயற்சி 16 நொடிக்குள்.' 'ஒதுக்கீடு நிறைந்தது. குறித்த பதிவுகளில் ஒன்றை நீக்கவும்.'

செல்வி அக்கா கேட்ட இரட்டைப் பதிவு அடையாளத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அருள் அண்ணன் கொடுத்த வரியில் உள்ள `random` என்ற தற்செயல் பகுதிக்கும் சொல் வேண்டும். ஒரே நேரத்தில் விழுந்த நூறு கருவிகளும் ஒரே நொடியில் திரும்பி வராமல் கலைந்து வருவதற்காக அது இருக்கிறது என்று புரிகிறது. ஆங்கிலத்தில் இதை ஜிட்டர் என்கிறார்கள். அகராதிகள் அதை 'நடுக்கம்' என்கின்றன, அது இங்கே ஒட்டவில்லை. 'சிதறல்' என்று எழுதிப் பார்த்தேன்.

தேவன் எழுதியது:

சிதறல் ஒளிக்குப் போய்விட்டது, இயற்பியல்காரர்கள் விடமாட்டார்கள். 'கலைப்பு' என்று வைத்துப் பாருங்கள், நாளை எழுதுகிறேன்.