முதல் ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்குக் கவர் லெட்டர்: மாணவர் போஸ்டிங் மட்டும்தான் இருக்கிறது, என்ன எழுதுவது?

புதுச்செவிலி

வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டேன். ரிசல்ட் வந்துவிட்டது, கவுன்சில் பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறேன். அறுவை சிகிச்சை வார்டுக்கு ஸ்டாஃப் நர்ஸ் தேவை என்று ஓர் அறிவிப்பு பார்த்தேன். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பராமரிப்பு, சுழற்சி முறையில் இரவுப்பணி, புதியவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். ரெஸ்யூமேயுடன் கவர் லெட்டரும் கேட்கிறார்கள்.

என்னிடம் இருப்பது கிளினிக்கல் போஸ்டிங்கும் கடைசி வருட இன்டர்ன்ஷிப்பும்தான். இதற்கு முன் அனுப்பிய கடிதங்களுக்கு எங்கிருந்தும் பதில் வரவில்லை. அதனால் கடிதத்தில்தான் ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது. நடுப்பகுதி இப்படி இருக்கிறது:

"நான் அர்ப்பணிப்பும் கருணையும் கடின உழைப்பும் கொண்ட செவிலியர். எல்லா வார்டுகளிலும் பணியாற்றிய அனுபவம் உண்டு. கேனுலா போடுதல், கத்தீட்டர் போடுதல், டிரெஸ்ஸிங், இரத்தம் ஏற்றுதல் அனைத்திலும் தேர்ச்சி பெற்றுள்ளேன். எனக்கு அனுபவம் குறைவாக இருந்தாலும், ஒரு வாய்ப்பு அளித்தால் என் திறமையை நிரூபிப்பேன்."

எதை மாற்ற வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பகல்ஷிப்ட்

எண்ணிக்கை இல்லாததுதான் குறை. லாக் புக்கை எடுத்து கேனுலா எத்தனை, கத்தீட்டர் எத்தனை, டிரெஸ்ஸிங் எத்தனை என்று வரிசையாகப் போடுங்கள். எண்ணைப் பார்த்தால் நம்பிக்கை வரும். அப்புறம், அனுபவம் குறைவு என்ற வரியை முதலில் தூக்குங்கள், நம் குறையை நாமே சொல்லக் கூடாது. பதிவு இன்னும் வரவில்லை என்பதையும் எழுத வேண்டாம். நேர்காணலுக்குக் கூப்பிட்டால் அங்கே சொல்லிக்கொள்ளலாம்.

வார்டு இன்சார்ஜ்

தங்கச்சி, எங்கள் வார்டுக்கு வரும் விண்ணப்பங்களை நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேடத்தோடு உட்கார்ந்து பிரிப்பதில் நானும் ஒருத்தி. உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் நிற்கும் இடம் "அனைத்திலும் தேர்ச்சி". மாணவராக இருந்தவர் ஊசி முதல் இரத்தம் ஏற்றுவது வரை மேற்பார்வையில் செய்திருப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். நாங்களும் அப்படித்தான் படித்து வந்தோம். தேர்ச்சி என்று எழுதினால், தன் எல்லை எதுவென்று தெரியாதவரோ என்ற பயம் வருகிறது. வார்டில் ஆபத்து வருவது அங்கேதான். தெரியாததைத் தெரியாது என்று கேட்கும் புதியவரை ஷிப்டில் வைத்துக்கொள்ளலாம். கேட்காமல் செய்பவரை வைத்துக்கொள்ள முடியாது.

பகல்ஷிப்ட் சொன்னதில் பாதி சரி. எண்ணிக்கை வேண்டும், ஆனால் அதன் இடம் ரெஸ்யூமே. கடிதத்தில் பட்டியல் போட்டால் ஒரே பக்கத்தில் எண்கள்தான் மிஞ்சும், ஆள் தெரியமாட்டார். அனுபவம் குறைவு என்று மன்னிப்புக் கேட்கும் வரி வேண்டாம் என்பதும் சரிதான். புதியவர்கள் வரலாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

பதிவு விஷயத்தில் மட்டும் அவர் சொன்னபடி செய்யாதீர்கள். பதிவு இல்லாதவரைத் தனிப் பொறுப்பில் டியூட்டி போட முடியாது. எப்படியும் சரிபார்ப்பார்கள். முதல் பத்தியிலேயே "தேர்ச்சி பெற்றுள்ளேன், பதிவுக்கு இந்த மாதம் விண்ணப்பித்துள்ளேன்" என்று எழுதினால், எப்போது சேர முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் மற்ற வரிகளையும் நம்பமாட்டார்கள்.

இப்போது ஒன்று கேட்கிறேன். அறுவை சிகிச்சை வார்டு போஸ்டிங்கில் நீங்களாகக் கவனித்து, யாரிடமாவது போய்ச் சொன்ன விஷயம் ஒன்று இருக்குமே? என்ன பார்த்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள், அப்புறம் என்ன ஆனது என்று எழுதுங்கள்.

மறுபடியும்பணி

எனக்கும் இதே பிரச்சினைதான். முன்பு வேலை பார்த்த இடத்தில் அனுபவச் சான்றிதழ் தராமல் இழுத்தடிக்கிறார்கள். சம்பளச் சீட்டு வைத்து விண்ணப்பிக்கலாமா? நடுவில் குழந்தைக்காக இரண்டு வருடம் இடைவெளி வேறு இருக்கிறது.

வார்டு இன்சார்ஜ்

அவர் இன்னும் வேலைக்கே போகவில்லை, சான்றிதழ் பிரச்சினை அவருக்கு இல்லை. நீங்கள் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு இரண்டையும் சேர்த்து வையுங்கள். இடைவெளியை ஒரே வரியில் காரணத்தோடு சொல்லிவிட்டு, பதிவைப் புதுப்பித்திருந்தால் அதையும் எழுதுங்கள். தனியாக ஓர் இழை தொடங்கினால் விவரமாகப் பேசலாம்.

புதுச்செவிலி

அக்கா, ஒன்று நினைவுக்கு வருகிறது. எழுதும் அளவுக்குப் பெரியதா என்று தெரியவில்லை.

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து மறுநாள் இருந்த ஒருவர். சுமார் 60 கிலோ எடை. காலையில் நாடி 84. மதியம் 2 மணிக்கு நான் எடுத்தபோது 98, 3 மணிக்கு 112. பி.பி. 116/74, காலையில் இருந்ததிலிருந்து பெரிதாக மாறவில்லை. சிறுநீர்ப் பையைப் பார்த்தால் கடைசி 2 மணி நேரத்தில் 40 மி.லி.தான். குழாய் மடங்கியிருக்கிறதா, உடம்புக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. டியூட்டி சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார், என்னையே விவரம் சொல்லச் சொன்னார். அன்று மாலையே அவரை மறுபடி தியேட்டருக்குக் கொண்டு போனார்கள். உள்ளே இரத்தக்கசிவு என்று பிறகு தெரிந்தது.

நான் சிகிச்சை எதுவும் செய்யவில்லை, சொன்னது மட்டும்தான்.

வார்டு இன்சார்ஜ்

இதைத்தான் எழுத வேண்டும். உள்ளே கசியும்போது முதலில் நாடிதான் ஏறும். உடம்பு சமாளித்துக்கொண்டே இருப்பதால் பி.பி. கடைசியில்தான் விழும். பி.பி. சரியாக இருக்கிறதே என்று சார்ட்டில் எழுதிவிட்டு நகர்ந்துபோகும் புதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சிறுநீரும் அப்படித்தான். 60 கிலோ எடைக்கு மணிக்கு 30 மி.லி.யாவது வர வேண்டும். 2 மணி நேரத்தில் 60 வர வேண்டிய இடத்தில் 40 வந்திருக்கிறது. நீங்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறீர்கள், குழாயைச் சரிபார்த்த பிறகு போய்ச் சொல்லியிருக்கிறீர்கள். அறுவை சிகிச்சை வார்டுக்கு ஆள் எடுப்பவர் தேடுவது இந்தக் கண்ணைத்தான்.

பத்தியை இப்படி அமைக்கலாம், உங்கள் நடையில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"அறுவை சிகிச்சை வார்டில் மாணவப் பயிற்சியில் இருந்தபோது, வயிற்று அறுவை சிகிச்சை முடிந்த ஒருவரின் நாடி ஒரு மணி நேரத்தில் 98-லிருந்து 112-க்கு ஏறியதையும் சிறுநீர் குறைந்திருந்ததையும் கவனித்தேன். பி.பி. அப்போது மாறியிருக்கவில்லை. கத்தீட்டர் குழாயில் மடிப்பு இல்லை என்று பார்த்துவிட்டு உடனே பொறுப்புச் செவிலியரிடம் தெரிவித்தேன். அவர் உடனிருக்க மருத்துவரிடம் நிலையை விளக்கினேன். கேனுலா, கத்தீட்டர், டிரெஸ்ஸிங் ஆகியவற்றை மேற்பார்வையில் செய்திருக்கிறேன். இரத்தம் ஏற்றும்போது உதவியிருக்கிறேன், தனியாகச் செய்ததில்லை."

கடைசி இரண்டு வரிகளை வேண்டுமென்றேதான் வைத்தேன். மேலே உள்ள சம்பவத்தை நம்ப வைப்பதே அந்த வரிகள்தான். அவை உங்களுக்குப் பொருந்தாவிட்டால் உண்மை எதுவோ அதை எழுதுங்கள்.

இரத்தக்கசிவை நான் கண்டுபிடித்தேன் என்றோ உயிரைக் காப்பாற்றினேன் என்றோ எழுத வேண்டாம், நீங்கள் கண்டது மாற்றத்தை மட்டும்தான். நோயாளியின் வயது, படுக்கை எண், தேதி, அறுவை செய்த டாக்டர் எதுவும் வரக் கூடாது. போஸ்டிங் போன மருத்துவமனையின் பெயரை ரெஸ்யூமேயில் போட்டிருப்பீர்கள், அதனால் இந்தப் பத்தியில் பெயரைக் குறிப்பிடாதீர்கள். இரண்டையும் சேர்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடலாம். நோயாளியின் ரகசியத்தைக் கடிதத்திலேயே கசியவிடுபவரை யாரும் எடுக்கமாட்டார்கள்.

எமர்ஜென்சி நர்ஸ்

அக்கா சொன்னதோடு ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. பல இடங்களில் கடிதத்தை முதலில் பார்ப்பது எச்.ஆர். ஆட்கள்தான், நர்ஸ் அல்ல. அவர்களுக்கு 98, 112 என்றால் ஒன்றும் புரியாது. நோயாளியை மறுபடி தியேட்டருக்குக் கொண்டு போனார்கள் என்ற முடிவையும் சேர்த்தால்தான் சொன்னதன் மதிப்பு அவர்களுக்குத் தெரியும். நான் இருந்தால் அந்த வரியைப் போடுவேன்.

இன்னொன்று தங்கச்சி, அறிவிப்பில் இருக்கும் சொற்களை முதல் பத்தியிலேயே கொண்டு வாருங்கள். பதவியின் பெயர், அறிவிப்பு எண், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பராமரிப்பு, இரவுப்பணிக்குத் தயார் என்பதெல்லாம் மேலேயே இருந்தால் எச்.ஆர். வடிகட்டலில் நின்றுவிடாது.

வார்டு இன்சார்ஜ்

முதல் பத்தியைப் பற்றிச் சொன்னது மிகச் சரி. முடிவைப் போடுவதில் எனக்கு இன்னும் தயக்கம்தான் தம்பி. தியேட்டருக்குத் திரும்பிப் போனது என்று எழுதினால் நோயாளியை அடையாளம் காண்பது எளிதாகிவிடும், அதோடு பெருமையெல்லாம் இவருக்கே போவது மாதிரி தொனிக்கும். நேர்காணலில் கேட்டால் சொல்லட்டுமே.

எமர்ஜென்சி நர்ஸ்

நேர்காணலுக்குக் கூப்பிட வேண்டுமே அக்கா, என் கவலை அதுதான். சரி, முடிவு அவருடையது.

புதுச்செவிலி

இரண்டு பேருக்கும் நன்றி. முடிவு வரியை விட்டுவிடுகிறேன், எண்கள் இருக்கட்டும். முதல் பத்தி இப்போது இப்படி: "தங்கள் அறிவிப்பில் உள்ள அறுவை சிகிச்சை வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். பி.எஸ்சி. நர்சிங் தேர்ச்சி பெற்று, கவுன்சில் பதிவுக்கு விண்ணப்பித்துள்ளேன். பதிவு கிடைத்ததும் இரவுப்பணி உட்பட எந்த ஷிப்டிலும் சேரத் தயார்." அறிவிப்பு எண்ணை மேலே பொருள் வரியில் போட்டுவிட்டேன்.

ஒரு சந்தேகம். இந்தச் சம்பவத்தை எழுதினால் நேர்காணலில் இதிலிருந்துதான் கேட்பார்களா?

வார்டு இன்சார்ஜ்

நிச்சயம் கேட்பார்கள். நான் கேட்பது இதுதான்: "டாக்டர் உடனே வரவில்லை என்றால் என்ன செய்திருப்பீர்கள்?" நோயாளியைத் தனியாக விடமாட்டேன், 15 நிமிடத்துக்கு ஒரு முறை வைட்டல்ஸ் எடுத்து எழுதுவேன், வாய் வழியாக எதுவும் கொடுக்காமல் வைத்திருப்பேன், மறுபடி அழைத்தும் வராவிட்டால் சிஸ்டர் மூலமாக அடுத்த நிலை டாக்டருக்குச் சொல்வேன், யாரிடம் எப்போது சொன்னேன் என்று நேரத்தோடு பதிவேன் என்று சொல்லத் தெரிந்தால் போதும். அந்த மருத்துவமனை எந்த மதிப்பெண் முறையில் ஆபத்தைக் கணக்கிடுகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதை அவர்களிடமே கேளுங்கள், நல்ல கேள்விதான்.

பகல்ஷிப்ட்

பதிவு பற்றி நான் சொன்னதை விட்டுவிடுங்கள், இன்சார்ஜ் சொன்னதே சரி. லாக் புக் நகலையும் இணைக்கலாமா?

வார்டு இன்சார்ஜ்

கேட்காமல் இணைக்க வேண்டாம். சில லாக் புக்குகளில் நோயாளியின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். நேர்காணலுக்கு எடுத்துப் போனாலும் அந்த இடங்களை மறைத்த பிறகு காட்டுங்கள். பதிவுக்கு விண்ணப்பித்த ரசீது நகலை மட்டும் இப்போதே சேர்த்து அனுப்புங்கள். எண் கிடைத்த அன்றைக்கே அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக ஒரு வரி எழுதிப் போடுங்கள்.