ரீட்டில் 6 சதவீதமாம். அந்த 27 ரூபாய் எங்கே?

வாளையார் வாசு: மூன்று வருஷம் முன்னால், கட்டட வாடகையைப் பிரித்துத் தரும் ரீட் ஒன்றில் யூனிட் 400 ரூபாய் வீதம் 100 வாங்கினேன். யூனிட்டுக்கு வருஷம் 22 ரூபாய் வருகிறது. இன்றைய விலை 364. வகுத்தால் 6 சதவீதம். பேங்க் டெபாசிட் பக்கத்தில் நிற்குமா?

கொழிஞ்சாம்பாறை குமார்: அந்த 6 இன்றைக்கு வாங்குகிறவருக்கு. நீங்கள் போட்டது 400. யூனிட் 300-க்கு விழுந்தால் 7.3 கிடைக்கிறது என்று லட்டு கொடுப்பீர்களா? கையில் வந்தது 66, விற்றால் 364, ஆக 430. மூன்று வருஷத்துக்கு 30 ரூபாய். வாங்கிய தொகையை மைனஸில் போட்டு, 12 காலாண்டு வரவையும் தேதியோடு எழுதி, கடைசி வரியில் இன்றைய மதிப்பைச் சேருங்கள்:

```
=XIRR(B2:B15,A2:A15)
```

சுமார் 0.026 காட்டும், அதாவது வருஷத்துக்கு 2.6 சதவீதம்.

சித்தூர்க்காரன்: அதுவும் தப்பு. 22-இல் வட்டியும் டிவிடெண்டும் 13 தான். மீதி 9, ரீட் தன் கம்பெனிகளுக்குக் கொடுத்த கடன் திரும்பிய வகையில் வருவது, நம் முதலே திரும்புகிறது. மூன்று வருஷத்துக்கு 39-உம் விலை 364-உம் 403. லாபம் 3 ரூபாய்.

குமார்: மூன்று வருஷத்தில் மீதி 27 ரூபாய் எங்கே போனது? கணக்கில் வந்து விழுந்ததல்லவா? முதல் என்று வரவில் கழித்தால், போட்ட 400-இலும் கழித்து 373 என்று வையுங்கள். மறுபடி அதே 30 வரும். ஒரு பக்கம் மட்டும் கழிக்கிறீர்கள்.

சித்தூர்க்காரன்: முதல் வருமானம் ஆகாது.

குமார்: ஆகாது, சரி. 27 எங்கே?

கொல்லங்கோடு அக்கா: எங்கள் வீட்டு மாடிக்கு 7,000 வாடகை வருகிறது, பெயின்ட் செலவை யார் கழிப்பது?

சித்தூர்க்காரன்: வரிக்காரனே அதைத் தனியாகத்தானே பார்க்கிறான்?

குமார்: பார்க்கிறான். 2023 நிதிச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பகுதி வாங்கிய விலையில் கழிகிறது. வாசு இன்றைக்கு விற்றால் வரிக் கணக்கில் நஷ்டம் 36 இல்லை, 9 தான். அது வரிக்கு. வரிக்கு முந்திய ஈட்டுக்குப் பணம் எந்தப் பெயரில் வந்தாலும் பணம்தான். போன மாதம் குறிச் சீட்டு விவாதத்திலும் தள்ளுத் தொகையை இப்படித்தான் விழுங்கினீர்கள்.

சித்தூர்க்காரன்: குறியை ஏன் இழுக்கிறீர்கள்? கோயம்புத்தூரில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தால் எல்லாரும் ஆடிட்டர்.

நகரி நண்பர்: அண்ணே, நீங்கள் எங்கள் ஆந்திரா சித்தூரா? மாங்காய் என்ன விலை?

சித்தூர்க்காரன்: பாலக்காட்டுச் சித்தூர்! எத்தனை தடவை சொல்வது?

வாசு: நான் விற்கவே இல்லை. விற்காதபோது ஏது நஷ்டம்? 6 தான்.

குமார்: அப்படியானால் 364 உங்கள் வகுத்தலில் எதற்கு வந்தது? விற்காதவர் 400-ஆல் வகுங்கள், 5.5 வரும். லாபத்துக்கு இன்றைய விலை, நஷ்டத்துக்கு விற்கவில்லையா?

சித்தூர்க்காரன்: 5.5-உம் இல்லை. 13-ஐ 400-ஆல் வகுத்தால் 3.25.

குமார்: 27?