பிரசவத்துக்குப் பிறகு வால் எலும்பு வலி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

என் தங்கைக்கு ஆயுதம் போட்டுத்தான் குழந்தையை எடுத்தார்கள். மூன்று மாதமாகியும் வால் எலும்பு வலி விடவில்லை. நடந்தால் ஒன்றுமில்லை, பால் கொடுத்துவிட்டு எழும்போதுதான் சுருக்கென்று குத்தி, கண்ணில் நீர் வந்துவிடுகிறது. நின்றும் உட்கார்ந்தும் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, உட்காரும்போது மூட்டு அதிகமாக வளைகிறது என்றார் டாக்டர். வட்டத் தலையணை ஒத்துவரவில்லை. பின்பக்கம் வெட்டு விட்ட சாய்வு மெத்தையில் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் பரவாயில்லை, எடை தொடைக்குப் போய்விடுகிறது. இப்போது படுத்தபடியே பால் கொடுக்கிறாள்.

அடுத்து இடுப்புத்தள தசையைத் தளர்த்தும் பிசியோதெரபி, அதற்கும் கேட்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி என்கிறார்கள். பிசியோதெரபியிலேயே சரியானவர்கள் இருக்கிறீர்களா? ஊசி போட்டவர்களுக்கு வலி திரும்ப வந்ததா? அப்புறம், திருச்சிப் பக்கம் இதைச் செய்யும் பெண் பிசியோதெரபிஸ்ட் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.