கண்டன்சர்: 'சூடாற்றி' என்று எழுதலாமா?

கயல்விழி:
வணக்கம். கடைகளில் இருக்கும் கண்ணாடிக் கதவு பாட்டில் கூலருக்கு ஒரு பக்க அளவில் பராமரிப்புக் குறிப்பு எழுதுகிறேன். சூட்டை வெளியே விடும் கண்டன்சரின் பெயரில்தான் சிக்கல். நம்மூர் எலக்ட்ரீசியன்கள் கெப்பாசிட்டரையும் கண்டன்சர் என்றே சொல்கிறார்கள். 'கண்டன்சரைச் சுத்தம் செய்யுங்கள்' என்று படித்துவிட்டு யாராவது கெப்பாசிட்டரில் கை வைத்தால் ஷாக் அடிக்கும். 'சூடாற்றி' சரிவருமா?

அருளப்பன்:
அங்கே ஆவி திரவமாகிறது. எனவே 'ஆவிசுருக்கி'தான் பொருத்தம். மேலும், கூலிங் குறைந்தால் காஸ் குறைந்திருக்கும்; முதலில் அதை எழுதுங்கள் அம்மா.

இஸ்மாயில்:
ஐயா, சீல் வைத்த குழாயில் ஓட்டை இல்லாமல் காஸ் குறையாது. ஒரு டீக்கடைக் கூலர், பாய்லருக்குப் பக்கத்திலேயே நின்றது. காலையில் நன்றாகக் குளிரும், மதியம் கலர் பாட்டில் வெதுவெதுப்பாக இருக்கும். கம்ப்ரசர் நிற்காமல் ஓடி, கடைசியில் சூடேறி 'டக்'கென்று நின்றுவிடும். யாரோ காஸ் ஏற்றியும் சரியாகவில்லை. கீழே கிரில்லைக் கழட்டினால் கண்டன்சர் முகம் முழுக்க எண்ணெய்ப் புகையோடு சேர்ந்த தூசி, கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது. வெறும் பிரஷ்ஷுக்கு அது வராது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காயில் கிளீனர் அடித்து, தகடுகள் மடங்காமல் அவற்றின் போக்கிலேயே தேய்த்தேன். ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றியது, மோட்டாரை மாற்றினேன். கூலரைப் பாய்லரிடமிருந்து தள்ளி வைத்த பிறகுதான் மதியத் தொல்லை தீர்ந்தது.

சூடான காற்று வெளியே வந்தால் மிஷின் கெட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது வரத்தான் வேண்டும். கம்ப்ரசர் ஓடும்போது அந்தக் காற்றே வராவிட்டால் தூசியையும் ஃபேனையும் பாருங்கள். அந்த வகையில் எனக்குச் சூடாற்றி பிடித்திருக்கிறது.

செல்வி:
குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். எங்கள் கடையில் மேல்தட்டு ஜில்லென்று இருக்கிறது, கீழ்த்தட்டில் ஒன்றுமே இல்லை. அதுவும் இந்தச் சூடாற்றிதானா?

இஸ்மாயில்:
இல்லைம்மா, அது பெரும்பாலும் உள்ளே காற்று சுற்றாத கோளாறு. பாட்டில்களைப் பின்சுவர் வரை நெருக்கி அடுக்கியிருக்கிறீர்களா? தட்டுக் கம்பிமேல் அட்டை விரித்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். பிறகும் அப்படியே இருந்தால் உள் ஃபேன் ஓடும் சத்தம் கேட்கிறதா பாருங்கள். சில மாடல்களில் கதவைத் திறந்தாலே ஃபேன் நின்றுவிடும், கதவு ஸ்விட்சை விரலால் அமுக்கிக்கொண்டு கேளுங்கள்.

செல்வி:
அட்டை இருக்கிறது. பாட்டில் விழாமல் இருக்க நான்தான் போட்டேன்.

அருளப்பன்:
காஸ் விஷயம் சரி. ஆனால் 'சூடாற்றி' என்றால் டீ ஆற்றுகிற ஏதோ ஒன்று போல இருக்கிறதே! 'வெப்பம்விடு சுருள்' பாருங்கள்.

கயல்விழி:
கடைக்காரர் வாயில் அது நுழையுமா ஐயா? இப்போதைக்கு 'சூடாற்றி (கீழ்க் கிரில்லுக்குப் பின்னால்)' என்று படத்தோடு போடுகிறேன். பழைய கூலர் சிலவற்றில் அது முதுகுப்பக்கம் கம்பிவலையாக இருக்குமே இஸ்மாயில் பாய், அதற்கும் இதே சொல் போதுமா?